கால்குலேட்டர் இல்லாத காலத்து சைன் அட்டவணை: ஆரியபட்டரின் 24 அரைநாண்களை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்

கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபட்டீயத்தில் ஒரே ஒரு செய்யுளுக்குள் 24 எண்கள் அடைபட்டிருக்கின்றன. 225, 224, 222, 219 என்று தொடங்கி 22, 7 என்று முடியும். கிரகங்களின் இடத்தைக் கணிக்கத் தேவையான முழு சைன் அட்டவணையும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. பள்ளியில் நாம் புரட்டிய மடக்கை அட்டவணைப் புத்தகத்தின் சைன் பக்கத்துக்கு இது முன்னோடி.

இந்த எண்களைக் கண்டுபிடிக்க அவருக்கு இருந்த கருவிகள் மூன்றுதான்: கூட்டல் கழித்தல், பெருக்கல் வகுத்தல், வர்க்கமூலம். ஒரு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் நாமும் செய்துவிடலாம். எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே வழுக்கும், வழுக்கியது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## முதலில், அரைநாண் என்றால் எது?

ஒரு வட்டம் வரையுங்கள். அதன் விளிம்பில் ஒரு துண்டு வில். வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். வில்லின் நடுவிலிருந்து நாணின் நடு வரை உள்ள சிறு கோடு அம்பு. நாணில் பாதி, அரைநாண்.

கிரேக்கர்கள் முழு நாணைத்தான் பட்டியலிட்டார்கள். தாலமி தன் நூலில் ஆரத்தை 60 என்று வைத்துக்கொண்டு, அரைப் பாகைக்கு ஒன்றாக முழு நாண்களைக் கொடுத்திருக்கிறார். ஆனால் கணக்குப் போடும்போது வேண்டியிருப்பது செங்கோண முக்கோணத்தின் ஒரு பக்கம். அது முழு நாண் இல்லை, அதில் பாதி. அதனால் ஒவ்வொரு முறையும் கோணத்தை இரட்டித்து, நாணைப் பார்த்து, அதைப் பாதியாக்க வேண்டியிருந்தது. அரைநாணையே பட்டியலிட்டுவிட்டால் இந்தச் சுற்று வழி மிச்சம். இன்றைய மொழியில் சொன்னால், அரைநாண் என்பது ஆரம் × சைன். ஆரம் 1 என்று வைப்பது பிற்கால வழக்கம். பின்னம் வராமல் முழு எண்களில் வேலை செய்ய விரும்பியவர்களுக்குப் பெரிய ஆரம் தேவைப்பட்டது.

## படி 1: ஆரத்தைத் தேர்ந்தெடுப்பது

வட்டத்துக்கு 360 பாகை, பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை, விகலைக்கு 60 தற்பரை. ஆக வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. இங்கே ஆரியபட்டர் செய்தது ஒரு நல்ல காரியம். வில்லை அளக்கும் அதே கலையால் ஆரத்தையும் அளந்துவிட்டார்.

விட்டம் 20,000 ஆனால் சுற்றளவு 62,832 என்பது அவர் கொடுத்த விகிதம் (அதாவது 3.1416). அப்படியானால் சுற்றளவு 21,600 உள்ள வட்டத்தின் ஆரம்:

```
21600 × 20000 ÷ 62832 ÷ 2 = 3437.74
```

அருகிலுள்ள முழு எண் 3438. இதுதான் நம் ஆரம்.

ஒரே அலகு என்பதால் வரும் லாபம் என்ன தெரியுமா? சின்ன வில்லுக்கு, வில்லின் நீளமும் அரைநாணின் நீளமும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வரும். கணக்கு சரியாகப் போகிறதா என்று பார்க்க இது நமக்கு ஒரு இலவசச் சோதனை. கொஞ்ச நேரத்தில் உதவும்.

கால் வட்டம் 90 பாகை, அதாவது 5400 கலை. அதை 24 சம பாகமாக வெட்டினால் ஒவ்வொன்றும் 225 கலை (3 பாகை 45 கலை). முதல் அரைநாண் 225 கலை வில்லுக்கு, இரண்டாவது 450 கலைக்கு, இருபத்து நான்காவது 90 பாகைக்கு. ஏன் 24 என்றால், 30 பாகையையும் 45 பாகையையும் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் முழுமையாக நிரம்பும் பட்டியல் இது. அது எப்படி என்பதுதான் அடுத்த படிகள்.

## படி 2: சும்மா கிடைக்கும் மூன்று எண்கள்

24-ஆவது அரைநாண் ஆரமேதான்: 3438.

8-ஆவது, அதாவது 30 பாகை. வட்டத்துக்குள் சம அறுகோணம் வரைந்தால் அதன் பக்கம் ஆரத்துக்குச் சமம். அந்தப் பக்கம் 60 பாகை வில்லின் நாண். அதில் பாதி 30 பாகையின் அரைநாண். ஆக 1719. இதில் தோராயம் எதுவும் இல்லை. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு துப்பாக வரும்.

12-ஆவது, 45 பாகை. இங்கே அரைநாணும் மையத்திலிருந்து அதன் தூரமும் சமம். பித்தாகரஸ் தேற்றப்படி ஆர வர்க்கத்தில் பாதியின் மூலம். 3438-இன் வர்க்கம் 11819844. அதில் பாதி 5909922. மூலம் 2431, மீதி வெறும் 161.

## படி 3: வர்க்கமூலத்தைக் கையால் எடுப்பது

60 பாகை (16-ஆவது) வேண்டும். 30 பாகையின் எதிர்ப்பங்கு அது, அதாவது இரண்டும் சேர்ந்தால் 90 பாகை. ஆர வர்க்கத்திலிருந்து 1719-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுக்க வேண்டும்.

```
11819844 − 2954961 = 8864883
```

வர்க்கமூலம் எடுக்கும் முறையையும் ஆரியபட்டரே அதே நூலின் கணித பாதத்தில் தருகிறார். இலக்கங்களை வலமிருந்து இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும்: 8 | 86 | 48 | 83. ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்க இலக்கத்தை இறக்கும்போது வகுத்தல், வலப்பக்க இலக்கத்தை இறக்கும்போது வர்க்கம் கழித்தல். இது மாறி மாறி வரும்.

முதல் 8-க்குள் அடங்கும் பெரிய வர்க்கம் 4. மூலத்தின் முதல் இலக்கம் 2, மீதி 4. அடுத்த இலக்கம் 8-ஐ இறக்கினால் 48. அதை இதுவரை வந்த மூலத்தின் இருமடங்கால், அதாவது 4-ஆல் வகுக்க வேண்டும். 12 தடவை போகும், ஆனால் ஒற்றை இலக்கம்தான் எடுக்க முடியும் என்பதால் 9. 48-இல் 36 போக 12. 6-ஐ இறக்கினால் 126. 9-இன் வர்க்கம் 81-ஐக் கழித்தால் 45. மூலம் இப்போது 29.

4-ஐ இறக்கினால் 454. 29-இன் இருமடங்கு 58-ஆல் வகுத்தால் 7 தடவை. 406 போக 48. 8-ஐ இறக்கி 488. 7-இன் வர்க்கம் 49 போக 439. மூலம் 297.

8-ஐ இறக்கி 4398. 594-ஆல் வகுத்தால் மீண்டும் 7. 4158 போக 240. 3-ஐ இறக்கி 2403. 49 போக 2354. மூலம் 2977, மீதி 2354.

கடைசி மீதி மூலத்தைவிடக் குறைவாக இருந்தால் அந்த எண்ணே போதும். மீறினால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். இங்கே 2354, 2977-ஐவிடக் குறைவு. ஆகவே 2977. இதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆரியபட்டரின் பட்டியலில் இந்த இடத்தில் 2978 இருக்கிறது.

## படி 4: வில்லைப் பாதியாக்குவது

அட்டவணையின் உயிர் இந்தப் படியில்தான். 30 பாகை தெரியும், 15 பாகை வேண்டும்.

30 பாகை வில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனையின் ஆரத்துக்கு இறக்கும் செங்குத்துக்கோடுதான் 30 பாகையின் அரைநாண், 1719. அந்தக் கோடு இறங்கிய இடத்திலிருந்து விளிம்பு வரை மிச்சமிருக்கும் துண்டு அம்பு. அதன் நீளம், ஆரத்திலிருந்து 60 பாகை அரைநாணைக் கழித்தால் வருவது: 3438 − 2977 = 461. அரைநாணும் அம்பும் செங்கோணத்தில் நிற்கின்றன. அவற்றின் கர்ணம் 30 பாகை வில்லின் முழு நாண். அந்த முழு நாணில் பாதி, 15 பாகையின் அரைநாண். அவ்வளவுதான்.

```
1719² + 461² = 2954961 + 212521 = 3167482
மூலம் 1779.7, பாதி 889.9  →  890
```

4-ஆவது அரைநாண் 890. உடனே அதன் எதிர்ப்பங்கு 20-ஆவதையும் (75 பாகை) எடுத்துவிடலாம்: 11819844-இலிருந்து 792100 போக 11027744, மூலம் 3321.

மறுபடி பாதி. இப்போது அம்பு 3438 − 3321 = 117.

```
890² + 117² = 792100 + 13689 = 805789
மூலம் 897.7, பாதி 448.8  →  449
```

2-ஆவது 449. அதன் எதிர்ப்பங்கு 22-ஆவது 3409. அம்பு 29. மீண்டும் ஒரு பாதி.

```
449² + 29² = 201601 + 841 = 202442
மூலம் 449.9, பாதி 224.97  →  225
```

முதல் அரைநாண் 225. வில்லும் 225 கலை. படி 1-இல் சொன்ன இலவசச் சோதனை இதுதான். இங்கே 219 என்றோ 231 என்றோ வந்திருந்தால் எங்கோ கை தவறியிருக்கிறது, திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும்.

மீதிப் பட்டியலும் இதே இரண்டு வேலைகள்தான்: பாதியாக்கு, எதிர்ப்பங்கு எடு. 20-ஐப் பாதியாக்கினால் 10, அதன் எதிர்ப்பங்கு 14. 10-இலிருந்து 5, அதன் எதிர்ப்பங்கு 19. 22-இலிருந்து 11-ம் 13-ம். 14-இலிருந்து 7-ம் 17-ம். 45 பாகைக் கிளையில் 12-இலிருந்து 6-ம் 18-ம், 6-இலிருந்து 3-ம் 21-ம், 18-இலிருந்து 9-ம் 15-ம். முதலாவதின் எதிர்ப்பங்கு 23. எண்ணிப் பாருங்கள், 24-ம் நிரம்பிவிடும். கால் வட்டத்தை முக்கோணங்களாலும் நாற்கரங்களாலும் வெட்டி வேண்டிய அரைநாண்களைப் பெறலாம் என்று ஆரியபட்டர் ஒரு செய்யுளில் சொல்வதை உரையாசிரியர்கள் இந்த வகையில்தான் விரித்திருக்கிறார்கள்.

## வழுக்கும் இடங்கள் இரண்டு

முதலாவது, திசை. எதிர்ப்பங்கு எடுக்கும்போது சிறிய அரைநாணிலிருந்து பெரியதை எடுக்கலாம்; பெரியதிலிருந்து சிறியதை எடுக்கக் கூடாது. 23-ஆவது 3431 என்று யாரோ கொடுத்துவிட்டார்கள், அதிலிருந்து முதலாவதை எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 3438-க்கும் 3431-க்கும் வித்தியாசம் 7, கூடுதல் 6869, பெருக்கினால் 48083. அதன் மூலம் 219.3. வர வேண்டியது 225! காரணம், 23-ஆவதின் உண்மையான அளவு 3430.64. நாம் விட்ட 0.36 கலை, 7.36 என்ற சின்ன வித்தியாசத்தில் இருபதில் ஒரு பங்கு. 90 பாகைக்குப் பக்கத்தில் அரைநாண் அசையாமல் நிற்கும். அதை வைத்துச் சிறிய வில்லை அளப்பது வீண்.

இரண்டாவது கொஞ்சம் நைசானது. பாதியாக்குவதற்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. ஆரத்தில் பாதியை அம்பால் பெருக்கி மூலம் எடுத்தால் போதும், இரண்டு வர்க்கங்களைக் கூட்ட வேண்டாம். 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் பஞ்சசித்தாந்திகையில் தந்திருப்பது இந்த வடிவம். இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றே. ஆனால் நம் முழு எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்: 1719 × 29 = 49851, மூலம் 223.3. இரண்டு கலை போய்விட்டது.

நீண்ட வழியில் அம்பின் பிழை கெடுதல் செய்யவில்லை, ஏனென்றால் அங்கே கூட்டுத்தொகை முழுக்க 449-இன் வர்க்கத்தின் கையில் இருக்கிறது. 29-க்குப் பதில் 30 போட்டாலும் விடை 225-தான். குறுக்குவழியிலோ முழுப் பாரமும் அம்பின் மேல். வராகமிகிரருக்கு இது உறுத்தவில்லை. அவர் ஆரத்தை 120 பங்காக வைத்து, ஒவ்வொரு பங்கையும் 60 ஆகப் பிரித்த நுண்பகுதிகளோடு வேலை செய்தவர். முழு எண்ணோடு நிற்பதானால் நீண்ட வழியே நல்லது.

## படி 5: வித்தியாசங்களாக எழுதுவது

24 எண்களும் வந்தபின் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்து எழுதுங்கள். ஆரியபட்டர் செய்யுளில் வைத்திருப்பது அரைநாண்களை அல்ல, இந்த வித்தியாசங்களை. அவருடைய எண்கள் இவை:

```
வித்தியாசம்: 225 224 222 219 215 210 205 199
             191 183 174 164 154 143 131 119
             106  93  79  65  51  37  22   7

அரைநாண்:     225  449  671  890 1105 1315 1520 1719
            1910 2093 2267 2431 2585 2728 2859 2978
            3084 3177 3256 3321 3372 3409 3431 3438
```

வித்தியாசமாக வைப்பதில் இரண்டு சௌகரியம். எண்கள் சிறியவை, மனப்பாடத்துக்கு ஏற்றவை. எழுத்துகளுக்கு எண் மதிப்பு கொடுத்து அவர் இதைச் செய்யுளாக்கினார். முதல் சொல்லில் ‘ம’ 25, ‘கி’ 200, சேர்த்தால் 225. (நம் எழுத்தில் இதை எழுதிவைக்க முயன்றால் சிக்கல். 224-க்கும் 222-க்கும் உரிய வடமொழிச் சொற்கள் இரண்டுமே தமிழில் ‘பகி’ ஆகிவிடும்.) இரண்டாவது, பிழை கண்ணில் படும். அரைநாண்களைப் பார்த்து ஒரு எண் தவறு என்று சொல்வது கஷ்டம். வித்தியாசங்களோ சீராக இறங்க வேண்டும், இறங்கும் வேகமும் சீராகக் கூட வேண்டும். எங்கேனும் குதித்தால் அங்கே சந்தேகப்படலாம்.

அப்படிப் பார்க்கும்போது ஆரியபட்டரின் வரிசையிலேயே ஒரு இடம் லேசாக இடறுகிறது. 215, 210, 205, 199, 191: இறக்கம் 5, 5, 6, 8. நடுவில் 7-ஐக் காணோம்.

## படி 6: வர்க்கமூலமே இல்லாத வழி

கணித பாதத்தில் அடுத்து ஒரு செய்யுள். மிகச் சுருக்கம், உரை இல்லாமல் புரியாது. இந்நூலுக்கு உரை எழுதியவர்களில் 1191-இல் பிறந்த சூரியதேவ யஜ்வன் நம் கங்கைகொண்ட சோழபுரத்துக்காரர் என்பது இங்கே சொல்லத்தக்கது. அந்தச் செய்யுளைப் பெரும்பாலும் புரிந்துகொள்ளும் விதம் இது: இதுவரை வந்த அரைநாணை முதல் அரைநாணால் (225-ஆல்) வகுக்க வேண்டும், வரும் ஈவை இப்போதைய வித்தியாசத்திலிருந்து கழித்தால் அடுத்த வித்தியாசம்.

போட்டுப் பார்ப்போம். 225-ஐ 225-ஆல் வகுக்க 1. வித்தியாசம் 224, அரைநாண் 449. 449-ஐ வகுக்க ஏறக்குறைய 2. வித்தியாசம் 222, அரைநாண் 671. அடுத்து 3, 219, 890. அடுத்து 4, 215, 1105. அடுத்து 5, 210, 1315. வர்க்கமூலம் ஒன்றுகூட எடுக்காமல் ஆறு எண்கள் வந்துவிட்டன. மாயம்போல இருக்கும்.

ஏழாவதில் மாயம் கலைகிறது. 1315 ÷ 225 = 5.84, அதாவது 6. வித்தியாசம் 204 ஆக வேண்டும். பட்டியலிலோ 205. சரி, ஒன்றுதானே என்று விதியை மட்டும் நம்பி, ஒவ்வொரு முறையும் அருகிலுள்ள முழு எண்ணை எடுத்துக்கொண்டு கடைசி வரை போனால் 30 பாகையில் 1719-க்குப் பதில் 1716, 60 பாகையில் 2954, 90 பாகையில் 3368. ஆரத்துக்கு 70 கலை குறைவு! கடைசி வித்தியாசம் 7-க்குப் பதிலாகப் பூஜ்ஜியம் வருகிறது.

ஏன் இப்படி? விதியின் வடிவம் சரி. வித்தியாசம் இறங்கும் அளவு எப்போதும் அந்த இடத்து அரைநாணுக்கு நேர்விகிதத்தில்தான் இருக்கிறது. அந்த விகிதத்தைத்தான் தொடக்கத்து இரண்டு எண்களிலிருந்து எடுக்கிறோம்: 225-க்கு 1. உண்மையில் முதல் அரைநாண் 224.86, முதல் இறக்கம் 0.963. ஆக வகுக்க வேண்டிய எண் 225 அல்ல, சுமார் 233½. 0.963-ஐ 1 என்று வைத்ததில் நுழைந்த நாலு சதவீதப் பிழை, 24 படிகளில் 70 கலையாகக் குவிந்துவிட்டது. கேரளத்து நீலகண்ட சோமயாஜி (1444–1544) தந்திர சங்கிரகத்தில் முதல் அரைநாணை 224 கலை 50 விகலை என்றும் வகுக்கும் எண்ணை 233½ என்றும் திருத்திக் கொடுத்தது இதனால்தான். முழு எண்ணாக்காமல் பின்னத்தோடே இந்த எண்களை வைத்துப் போனால் 90 பாகையில் 3437½-ஐ ஒட்டி வந்து சேரும்.

அப்படியானால் ஆரியபட்டரின் 24 எண்கள் எந்த வழியில் வந்தவை? வடிவியல் வழியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து அருகிலுள்ள முழு எண்ணாக்கியிருந்தால் 6-ஆவது 1316 (உண்மை 1315.67), 7-ஆவது 1521 (உண்மை 1520.59) என்று இருக்க வேண்டும். 16-ஆவது 2977 என்று நாமே கையால் எடுத்தோம். 17, 18-ஆவதும் இதேபோல ஒன்று குறைவாக வர வேண்டும். பட்டியலின் 24 எண்களில் இந்த ஐந்தும் தலா ஒரு கலை பிசகியிருக்கின்றன, மற்ற 19-ம் துல்லியம். வித்தியாச விதியை மட்டும் நம்பியிருந்தால் 3368-இல் முடிந்திருக்கும். ஆக இரண்டில் எதுவும் தனியாக இந்தப் பட்டியலைத் தராது.

என் கணிப்பு: வடிவியலில் கிடைத்த எண்களை, முக்கியமாக 1719-ஐயும் 3438-ஐயும், முளைக்குச்சிபோல அடித்துவைத்து, இடையில் வித்தியாசங்களைச் சீராக ஓடும்படி சரிக்கட்டியிருக்கிறார்கள். 7-ஐத் தாண்டிப்போன அந்த 5, 6, 8 இறக்கத்தைப் பாருங்கள். 205, 199 என்று கொஞ்சம் தாராளமாக வைத்ததால்தான் எட்டாவது படியில் 1719 பிசகாமல் வந்து உட்கார்கிறது. நீலகண்டரின் 233½-ஐக் கொண்டு பட்டியலின் ஒவ்வொரு அரைநாணையும் வகுத்துப் பார்த்தேன். அருகிலுள்ள முழு எண், ஆரியபட்டரின் இறக்கத்தோடு ஒத்துவராத இடங்கள் மூன்றே மூன்று. மூன்றும் 30 பாகையை ஒட்டி அடுத்தடுத்து நிற்கின்றன.

## படி 7: இடைப்பட்ட கோணத்துக்கு எடுப்பது

சூரியன் 225-இன் மடங்குகளில் மட்டும் நிற்காது. 1000 கலைக்கு (16 பாகை 40 கலை) அரைநாண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1000-ஐ 225-ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 100. நான்காவது அரைநாண் 890. அடுத்த வித்தியாசம் 215. மீதிக்கு விகிதப்படி 100 × 215 ÷ 225 = 95.56. கூட்டினால் 985.56. உண்மை 986.03. அரைக் கலை குறைவு. இப்படி எடுத்தால் எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் வளைவுக்கு உள்ளே ஒரு நேர்கோட்டைப் போடுகிறோம்.

பிரம்மகுப்தர் 665-இல் எழுதிய கண்டகாத்யகத்தில் இதற்கு ஒரு திருத்தம் தருகிறார். கடந்துபோன வித்தியாசம், வரப்போகும் வித்தியாசம் இரண்டையும் பார்க்க வேண்டும்: 219, 215. இரண்டின் சராசரி 217. இரண்டின் வித்தியாசத்தில் பாதி 2. அதை மீதியின் விகிதத்தால் (100/225) பெருக்கினால் 0.89. சராசரியிலிருந்து இதைக் கழித்தால் 216.11. இதைத்தான் 215-க்குப் பதிலாகப் பயன்படுத்த வேண்டும். 100 × 216.11 ÷ 225 = 96.05. விடை 986.05.

பிழை அரைக் கலையிலிருந்து ஐம்பதில் ஒரு கலையாக இறங்கிவிட்டது. பிரம்மகுப்தருக்கு இந்தத் திருத்தம் ஆரியபட்டரைவிட அதிகம் தேவைப்பட்டது. கண்டகாத்யகத்தில் அவர் வைத்திருந்தது ஆரம் 150-க்கு ஆறே வித்தியாசங்கள்: 39, 36, 31, 24, 15, 5. ஒவ்வொரு இடைவெளியும் 15 பாகை. அவ்வளவு அகலமான இடைவெளியில் நேர்கோட்டு விகிதம் தாங்காது.

24 எண்களை வைத்திருப்பவர் இந்தத் திருத்தத்தையும் செய்துவிட்டால், அதற்குமேல் மிஞ்சுவது இடைக்கணக்கின் பிழை அல்ல, பட்டியலின் பிழை. 6-ஆவது அரைநாணிலேயே மூன்றில் இரண்டு கலை பிசகு இருக்கும்போது அதைச் சுற்றி எவ்வளவு நுணுக்கமாக இடைக்கணக்குப் போட்டும் பயனில்லை. அங்கே ஆரத்தையே திருத்தித் தொடங்க வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் சங்கமகிராமத்து மாதவர் ஆரத்தை 3437 கலை 44 விகலை 48 தற்பரை என்று எடுத்து, அதே 24 இடங்களுக்குப் புதிதாகக் கணக்கிட்டார். அவருடைய முதல் எண் 224 கலை 50 விகலை 22 தற்பரை.